மீனும் சிவப்பு ஒயினும்: நாவில் இரும்பு வாடை வருவது ஏன்?

பூங்காவில் ஊஞ்சலாடிவிட்டு வரும் குழந்தையின் கையை முகர்ந்து பாருங்கள். சங்கிலியைப் பிடித்திருந்த உள்ளங்கையில் ஒரு வாடை வீசும். நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கையிலும், மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கியவர்கள் கையிலும் அதே வாடைதான். நாம் அதை இரும்பு வாடை என்கிறோம். ஆனால் அது இரும்பின் வாடை அல்ல. சாதாரண வெப்பத்தில் இரும்பு ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. மூக்கை எட்டாத பொருளுக்கு வாடையும் இல்லை.

அப்படியானால் கையில் வீசியது எது? டீட்மார் கிளிண்டமன் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் இதற்கு விடை சொன்னார்கள். அது நம் தோலின் வாடை. தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதில் ஒரு பகுதி காற்றுப்பட்டு ஏற்கனவே கெட்டுப்போயிருக்கும். வியர்வை பட்ட இரும்பிலிருந்து கரையும் சிறு துளி இரும்பு, கெட்ட அந்த எண்ணெயை உடைத்து, எளிதில் ஆவியாகும் துணுக்குகளாக்கிவிடுகிறது. அந்தத் துணுக்குகளில் முதன்மையானது 1-ஆக்டென்-3-ஓன் என்ற பொருள். காளானையும் உலோகத்தையும் ஒருசேர நினைவூட்டும் வாடை அதற்கு உண்டு. காற்றில் மிக மிகச் சொற்ப அளவு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். தோலில் இரத்தம் பட்டுத் தேய்த்தாலும் இதே வாடைதான் எழுகிறது; இரத்தத்திலும் இரும்பு இருக்கிறதே.

ஊஞ்சல் சங்கிலிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. மீனை மென்று விழுங்கிவிட்டுச் சிவப்பு ஒயினை ஒரு வாய் குடிக்கும்போது சிலருக்கு நாவெல்லாம் இரும்பைத் தொட்டு நக்கியதுபோல ஆகிவிடுகிறது. கூடவே ஒரு கவிச்சியும் எழுகிறது. தட்டில் இருந்த மீனில் அந்தக் கவிச்சி இல்லை. கோப்பையில் இருந்த ஒயினிலும் இல்லை. இரண்டும் வாயில் சேர்ந்த பிறகுதான் அது பிறக்கிறது. சங்கிலியும் உள்ளங்கையும் சேர்ந்து செய்வதைத்தான் இங்கே ஒயினும் மீனும் சேர்ந்து செய்கின்றன. சங்கிலியின் இடத்தில் ஒயின். தோலின் எண்ணெய் இருந்த இடத்தில் மீனின் கொழுப்பு.

ஜப்பானில் நடந்த சோதனை

"மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு ஒயின்" என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையின் பழைய விதி. விதி சரியாகத்தான் வேலை செய்தது. காரணம்தான் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. சிவப்பு ஒயினின் துவர்ப்பே குற்றவாளி என்று பலரும் நம்பினார்கள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்ற பொருள்தான் அந்தத் துவர்ப்பைத் தருகிறது. வாழைப்பூவை ஆயும்போது விரலைக் கறையாக்குவதும், கடுந்தேநீர் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிப்பதும் இந்த வகைப் பொருள்தான். வெள்ளை ஒயினில் டானின் மிகக் குறைவு என்பதால் இந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றியது.

ஆனால் மேசையில் உட்கார்ந்து குடிப்பவர்களின் அனுபவம் அவ்வளவு ஒழுங்காக இல்லை. துவர்ப்பு மிகுந்த சில சிவப்பு ஒயின்கள் மீனோடு எந்தத் தொல்லையும் தராமல் போயின. துவர்ப்பே இல்லாத சில வெள்ளை ஒயின்கள் கவிச்சியைக் கிளப்பின. விதியை மீறிய இந்தச் சிலவற்றிடம்தான் உண்மைக் காரணம் ஒளிந்திருந்தது.

ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்தைச் சேர்ந்த தகயுகி தமுரா தலைமையிலான ஆய்வாளர்கள் அதைத் தேடினார்கள். கடல் உணவை அன்றாடம் சாப்பிடும் நாட்டில் ஒயின் தயாரிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல, வயிற்றுப் பிழைப்பு. அவர்கள் 38 சிவப்பு ஒயின்களையும் 26 வெள்ளை ஒயின்களையும், இன்னும் சில இனிப்பு ஒயின்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒயினைச் சுவைத்துப் பழகியவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு ஒயினையும் ஸ்காலப் என்னும் விசிறி வடிவச் சிப்பியின் சதையோடு சுவைக்கச் செய்தார்கள். விழுங்கிய பிறகு நாவில் தங்கும் கவிச்சிக்கு அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அதே ஒயின்களின் உள்ளடக்கம் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டது. பிறகு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

கவிச்சி மதிப்பெண்ணோடு கைகோத்து ஏறி இறங்கியது இரும்பு. ஒரு லிட்டர் ஒயினில் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் கவிச்சி தெளிவாகத் தெரிந்தது. இரும்பு குறைவாக இருந்த சிவப்பு ஒயின்கள் சிப்பியோடு இசைந்து போயின.

கைகோத்து வருவதை மட்டும் வைத்து ஒன்றைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அவர்கள் இன்னும் இரண்டு காரியம் செய்தார்கள். முதலில், தாமே கலந்து செய்த மாதிரி ஒயினில் இரும்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தார்கள். இரும்பு கூடக் கூடக் கவிச்சியும் கூடியது. அடுத்து, இரும்பைக் கவ்விப் பிடித்து வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள், கவிச்சி அடங்கியது. இரும்பைக் கொடுத்தால் வருகிறது, கட்டிப்போட்டால் போகிறது. காரணம் இரும்புதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. 2009-இல் இந்த முடிவுகள் வேளாண், உணவு வேதியியலுக்கான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின.

2 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு கோப்பை ஒயின் ஏறக்குறைய 150 மில்லி. அதில் இருக்கும் இரும்பு 0.3 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று கொண்டால், அதை அறுபது துண்டாக நறுக்கி அதில் ஒரு துண்டை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு வேளை விருந்தைக் கெடுக்க அந்தத் துளி போதும்.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

மீனின் கொழுப்பு ஆட்டுக்கொழுப்பைப் போல உறைந்து நிற்பதில்லை. குளிர்ந்த நீரிலும் இளகியே இருக்க வேண்டிய கொழுப்பு அது. ஒமேகா-3 என்று மருத்துவர்கள் புகழ்வது இந்த வகையைத்தான். இளகிய தன்மைக்கு அது கொடுக்கும் விலை, காற்றுப்பட்டால் விரைவில் கெடுவது. மீனைப் பிடித்துக் கரைசேர்த்து, வெட்டி, பனிக்கட்டியில் வைத்திருக்கும் நேரத்திலேயே கொழுப்பின் நீண்ட சங்கிலிகளில் அங்கங்கே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஆக்சிஜன் ஒட்டிய கொழுப்பைப் பெராக்சைடு என்பார்கள். அதற்குத் தனியாக வாடை கிடையாது. அதனால்தான் தட்டில் இருக்கும் மீன் நல்ல மீனாகவே மணக்கிறது.

காய்ந்த விறகுக்கட்டையில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குக் கட்டை முழுசாகத்தான் இருக்கும். விரிசலில் ஓர் ஆப்பை வைத்துத் தட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும். பெராக்சைடுதான் விரிசல், ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு ஆப்பு. இரும்பு கரைசலில் இரண்டு நிலைகளில் இருக்கும். அவற்றுள் ஃபெரஸ் எனப்படும் நிலையில் உள்ள இரும்பு, தன்னிடமுள்ள ஓர் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துப் பெராக்சைடை உடைத்துவிடும். நீண்ட சங்கிலி சிறு துணுக்குகளாகச் சிதறும். சிறியவை என்பதால் அவை எளிதில் ஆவியாகும்.

தமுரா குழுவினர் காய்ந்த ஸ்காலப் சதையை ஒயினில் ஊறவைத்து, அதிலிருந்து எழுந்த ஆவியைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தபோது இந்தத் துணுக்குகளே அகப்பட்டன. கெட்ட எண்ணெயின் காறல் வாடை கொண்ட ஹெக்சனாலும் ஹெப்டனாலும் இருந்தன. மீன் எண்ணெயின் வாடையைத் தரும் ஹெப்டாடையீனால் இருந்தது. ஊஞ்சல் சங்கிலியில் பார்த்த அதே 1-ஆக்டென்-3-ஓனும் இருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். வாடை மூக்குக்கு உரியது. நமக்கோ நாவில்தானே இரும்புச் சுவை தெரிகிறது? உண்மையில் நாவில் தெரிவதாக நாம் நினைக்கும் பெரும்பகுதி மூக்கின் வேலை. வாயின் பின்புறமாகத் தொண்டைக்கு மேலே மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது. விழுங்கியவுடன் மூச்சை வெளியே விடும்போது வாயில் எழுந்த ஆவி அந்த வழியாக மூக்கை அடைகிறது. ஒயின் குடித்தவுடன் இரும்புச் சுவை தெரியாமல், விழுங்கி ஓரிரு நொடி கழித்து அது அலைபோல எழுவதற்கு இதுதான் காரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் இரும்புச் சுவை பெருமளவு மறைந்துபோகும்; விரலை எடுத்தவுடன் திரும்பி வரும்.

நம் வீடுகளில் மீனை மஞ்சள் பூசியும், புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அலசியும் போக்குகிற வாடை வேறு. மீன் பழசாகும்போது அதன் சதையிலிருந்து வெளிப்படும் அமீன் வகைப் பொருள்களின் வாடை அது. புளிப்புப் பட்டால் அடங்கிவிடும். ஒயினோடு எழும் கவிச்சி கொழுப்பிலிருந்து வருவது. ஒயினே புளிப்பான பானம்தான். அந்தப் புளிப்பு இதை அடக்குவதில்லை. ஆகவே மீன்காரரிடம் பார்த்துப் பார்த்து வாங்கிய நல்ல மீனிலும் இது வரலாம். ஆனாலும் புதிய மீனில் விரிசல்கள் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது. கருவாடு, நெடுநாள் உறைபெட்டியில் கிடந்த மீன், டப்பாவில் அடைத்த மத்தி ஆகியவற்றில் பெராக்சைடு சேர நேரம் கிடைத்திருக்கிறது. அவற்றோடு இரும்பு மிகுந்த ஒயின் சேர்ந்தால் கவிச்சி ஓங்கி அடிக்கும்.

ஒயினில் இரும்பு எங்கிருந்து வந்தது?

திராட்சைக் கொடி மண்ணிலிருந்து உறிஞ்சுவது சிறு அளவு. கொத்தின் மேல் படிந்திருக்கும் செம்மண் தூசி அதைவிட முக்கியமான வழி. மழையில்லாத அறுவடைக் காலத்தில் பழத்தோடு சேர்ந்து தூசியும் தொட்டிக்குள் போகிறது. அடுத்த வழி கருவிகள். புளி சேர்த்த குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் குழம்பு கறுத்து இரும்புச் சுவை ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒயினும் அப்படிப் புளிப்பானது. இரும்பாலான பிழிகருவி, குழாய், குழாயடைப்பான் எதன் வழியாகப் போனாலும் சிறிது இரும்பைக் கரைத்துக்கொண்டு போகும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் பரவிய பிறகு இந்த அளவு குறைந்திருக்கிறது.

சிவப்பு ஒயினில் இரும்பு கூடுதலாகச் சேர்வதற்குக் காரணம் அதன் செய்முறையில் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்துதான் வர வேண்டும். எனவே தோலும் விதையும், தோலில் ஒட்டிய தூசியும் நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் சாற்றோடு ஊறுகின்றன. நிறமும் துவர்ப்பும் இறங்குகிற அதே ஊறலில் இரும்பும் இறங்குகிறது.

பழைய விதி பெரும்பாலும் பலித்ததற்கும், சிலவேளை பொய்த்ததற்கும் இதுவே விளக்கம். நிறத்துக்கும் கவிச்சிக்கும் நேரடி உறவு இல்லை. சிவப்பு நிறம் வந்த வழியில் இரும்பும் வந்திருக்கக்கூடும் என்பதே உறவு. தூசி குறைந்த தோட்டம், சுத்தமான எஃகுத் தொட்டி, குறுகிய ஊறல் என்று அமைந்துவிட்டால் சிவப்பு ஒயினிலும் இரும்பு குறைவாகவே இருக்கும். ஆனால் எந்தப் புட்டியின் ஒட்டுத்தாளிலும் இரும்பின் அளவு அச்சிடப்படுவதில்லை. திராட்சையின் பெயரை வைத்து அதைக் கணிக்கவும் முடியாது. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த ஒரே திராட்சையின் ஒயினில்கூட வேறுபடலாம். குடிப்பவரின் கையில் இருப்பது வாய்ப்பைக் கூட்டிக்கொள்வது மட்டும்தான்.

டானினையும் முழுக்க விடுதலை செய்துவிட முடியாது. கவிச்சிக்கு அது காரணமில்லை என்றாலும் மீனுக்கு அது நண்பன் அல்ல. துவர்ப்பான ஒயின் எச்சிலில் உள்ள வழுவழுப்பான புரதங்களைப் பற்றிக்கொண்டு நாக்கை உலர்த்துகிறது. கொழுப்பு நிறைந்த ஆட்டிறைச்சித் துண்டு அந்த உலர்வைத் தாங்கி மென்மையாக்கும். வெள்ளைச் சதை கொண்ட நாக்குமீனாலோ இறாலாலோ அது முடியாது. அவற்றின் மெல்லிய இனிப்புத் துவர்ப்பின் அடியில் நசுங்கிவிடும். ஆக, மீனுக்கு ஏற்ற சிவப்பு ஒயினுக்கு இரண்டு தகுதி வேண்டும்: குறுகிய ஊறல், குறைந்த துவர்ப்பு. பெரும்பாலும் இவை இரண்டும் ஒரே புட்டியில்தான் கிடைக்கின்றன.

ஒத்துப்போகும் மூன்று சிவப்பு ஒயின்கள்

முதலிடம் பிரான்சின் போஜொலே பகுதி ஒயினுக்கு. லியோன் நகருக்கு வடக்கே குன்றுகளில் விளையும் காமே என்ற திராட்சையில் செய்வது. அங்கே பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகவே தொட்டியில் போட்டு மூடுவது வழக்கம். உள்ளே கரியமில வாயு நிறைய, ஒவ்வொரு பழமும் தன் தோலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்குகிறது. நிறமும் பழமணமும் இறங்கிவிடும். டானின் இறங்குவதற்குள் சில நாளில் பிழிந்து எடுத்துவிடுவார்கள். குடித்தால் செர்ரிப் பழத்தின் சாறுபோல இருக்கும், நாக்கை இழுக்காது. எண்ணெயில் பொரித்த மீன், தக்காளி சேர்த்த இறால், வாட்டிய கணவாய் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. போஜொலே என்றோ போஜொலே வில்லாஜ் என்றோ மட்டும் எழுதியிருக்கும் இளம் புட்டிகளே இதற்குப் பொருத்தம். தனி ஊர்ப்பெயர் தாங்கி வரும் மொர்கோன், மூலான்-ஆ-வான் போன்றவை கனமானவை.

இரண்டாவது பினோ நுவார். இதன் பழத்தோல் மெல்லியது. எவ்வளவு ஊறினாலும் கேபர்னேயின் கருமையும் துவர்ப்பும் இதற்கு வராது. பூர்வீகம் பிரான்சின் பர்கண்டி. மீனோடு இதற்கு உறவு வலுத்தது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில். பசிபிக் கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் மீனும், வில்லாமெட் பள்ளத்தாக்கின் பினோ நுவாரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. மெக்மின்வில் என்ற சிற்றூரில் 1987 முதல் பினோ நுவாருக்கென்றே நடக்கும் விழாவில் சால்மனைக் கட்டைகளில் கோத்து நெருப்பின் பக்கத்தில் நிறுத்திச் சுடுவது பெயர்பெற்ற விருந்து. சால்மன் கொழுப்பு மிகுந்த மீன். கவிச்சிக்கு வாய்ப்பும் அதிகம். ஆனால் அது புதிதாகப் பிடித்தது; தழலில் வாட்டிய புகைமணம் கொண்டது; தடித்த சதை மெல்லிய துவர்ப்பைத் தாங்கக்கூடியது. மர மிடாவில் நெடுநாள் கிடந்த விலையுயர்ந்த பினோ நுவாரைவிட எளிய இளம் பினோ நுவாரே இங்கே நன்றாக வரும்.

மூன்றாவது இத்தாலியின் சிசிலித் தீவில், விட்டோரியா ஊரைச் சுற்றி விளையும் ஃப்ராப்பாட்டோ. வெளிர்ச்சிவப்பு நிறம், ஸ்ட்ராபெரி மணம், துவர்ப்பு இருப்பதே தெரியாத மென்மை. சுற்றிலும் சூரை மீனும் வாள்மீனும் பிடிபடும் கடல். கேப்பர் மொட்டும் ஆலிவும் தக்காளியும் சேர்த்துச் சமைத்த சூரை மீனோடு இந்த ஒயினைக் குளிர்ந்த நிலையில் குடிப்பார்கள். சூரையின் சதை ஏறத்தாழ மாட்டிறைச்சி போலச் சிவந்தும் இறுகியும் இருப்பதால், வெள்ளை ஒயினைவிடச் சிவப்பு ஒயினே அதற்கு ஈடுகொடுக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான ஒரு குறிப்பு: இவற்றை 12 முதல் 14 பாகை வெப்பத்தில் குடிக்க வேண்டும். குளிர்பெட்டியில் போதிய நேரம் வைத்து எடுத்தால் ஏறத்தாழ அந்த நிலைக்கு வந்துவிடும். குளிர்ந்தால் புளிப்பு துலங்கும், ஆவி எழுவதும் சற்றுக் குறையும். துவர்ப்பான ஒயினை இப்படிக் குளிர்விக்கக் கூடாது. குளிரில் துவர்ப்பு இன்னும் கடுமையாகத் தெரியும். துவர்ப்பில்லாத ஒயினுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

தவிர்க்க வேண்டியவையும் தெளிவு. கேபர்னே சோவின்யோன், ஷிராஸ், நெபியோலோ, டன்னா ஆகியவை நெடுநாள் தோலோடு ஊறியவை. நம் நாட்டில் நாசிக்கில் செய்யப்படும் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை கேபர்னே, ஷிராஸ் திராட்சைகளில் ஆனவை. கோழிக்கும் ஆட்டுக்கும் அவற்றை வைத்துக்கொண்டு, மீனுக்கு வெள்ளை ஒயினையோ ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினையோ நாடுவது நல்லது.

லிவோர்னோ மீன் குழம்பு சொல்லும் பாடம்

இத்தாலியின் மேற்குக் கரையில் லிவோர்னோ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே கச்சூக்கோ என்று ஒரு மீன் குழம்பு. வலையில் விழுந்து, விலைபோகாமல் மிஞ்சிய பலவகைச் சிறு மீன்களை வைத்துச் செய்யத் தொடங்கியது என்பார்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டும் சேஜ் இலையும் மிளகாயும் வதக்கி, முதலில் ஆக்டோபஸையும் கணவாயையும் போடுவார்கள்; அவை வேக நேரமாகும். பிறகு ஒரு கோப்பை ஒயின் ஊற்றுவார்கள். ஊற்றுவது வெள்ளை ஒயின் அல்ல, சிவப்பு ஒயின். அது வற்றியதும் தக்காளி. கடைசியில் பாறைமீன் வகைகளும் இறால் வகைகளும். பூண்டு தேய்த்து வாட்டிய ரொட்டியின் மேல் ஊற்றிப் பரிமாறுவார்கள். பக்கத்தில் வைத்துக் குடிப்பதும் டஸ்கனியின் இளம் சிவப்பு ஒயின்தான்.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்ற விதியை ஒரு நகரமே தலைமுறைகளாக மீறி வந்திருக்கிறது. யாரும் இரும்பு வாடை என்று குறைசொல்லவில்லை. காரணம் குழம்பின் உள்ளேயே இருக்கிறது என்று கருதலாம். அன்றன்று பிடித்த மீன். விரிசல் விழ நேரமில்லை. கணவாயிலும் ஆக்டோபஸிலும் பாறைமீனிலும் கொழுப்பு சொற்பம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தக்காளி. தக்காளியின் புளிப்பில் முதன்மையானது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்பும் அதுவே. இந்த அமிலத்துக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் குணம் உண்டு. இரும்பு மிகுந்து ஒயின் கலங்கிப்போவதைத் தடுக்க ஒயின் செய்பவர்களே சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சேர்ப்பதுண்டு. ஒயினுக்கே உரிய டார்டாரிக் அமிலத்தைவிட இது இரும்பை இறுக்கமாகப் பிடிக்கும்.

இதிலிருந்து வீட்டுச் சமையலுக்கு ஒரு வழி கிடைக்கிறது. சிவப்பு ஒயினோடு சாப்பிடப்போகும் மீனை வெறும் உப்புப் போட்டு வேகவைத்துப் பரிமாறாதீர்கள். தக்காளியில் சமையுங்கள், அல்லது வாட்டி எலுமிச்சை பிழியுங்கள். மிளகும் பூண்டும் புகைமணமும் மிச்சமிருக்கும் கவிச்சியை மறைக்க உதவும். எலுமிச்சை எல்லாக் கவிச்சியையும் போக்கிவிடும் என்று உறுதி கூற முடியாது. இரும்பு அளவு மீறிய ஒயினை அது காப்பாற்றாது. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒயினை அது இந்தப் பக்கம் இழுத்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம்

ஒயின் குடிக்கும் வழக்கமுள்ளவர்கள் விருந்துக்கு முன்பே தம்மிடமுள்ள புட்டியைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. டப்பாவில் வரும் மத்தியையோ சூரையையோ வாங்குங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, விரல்நுனி அளவு ஒரு துண்டை மென்று விழுங்குங்கள். உடனே ஒயினை ஒரு வாய் எடுத்து, நாக்கெங்கும் படரவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். மூன்று எண்ணுவதற்குள் இரும்பு வாடை எழுகிறதா என்று கவனியுங்கள். டப்பா மீன் கடுமையான தேர்வாளர். அதனிடம் தேறிய ஒயின் புதிய மீனிடம் தோற்பது அரிது.

வாடை எழுந்தால், தண்ணீர் குடித்து ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். மூக்கைப் பிடித்ததும் மறைந்து, விட்டதும் திரும்பி வந்தால் அது இரும்பு செய்த கவிச்சி. மூக்கைப் பிடித்த பிறகும் நாக்கு வறண்டு இழுத்துப் பிடித்தால் அது டானினின் துவர்ப்பு. இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், ஏனெனில் மருந்து வேறு வேறு. துவர்ப்பு மட்டும்தான் தொல்லை என்றால் தடித்த சதையுள்ள மீனும் வெண்ணெயும் அதைத் தணிக்கும். கவிச்சி என்றால் இன்னொரு துண்டு மீனில் எலுமிச்சை பிழிந்து மீண்டும் சோதியுங்கள். அப்போதும் எழுந்தால் அந்தப் புட்டியை மீனுக்கு வைக்காதீர்கள்; ஒயினில் குறையில்லை, இறைச்சியோடு அது நன்றாகவே இருக்கும். பிடித்துப்போன புட்டியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மாறினால் இரும்பும் மாறலாம் என்பதால் அடுத்த ஆண்டுப் புட்டியை மறுபடி சோதிக்க வேண்டும்.

மீனோடு ஒரு சிவப்பு ஒயின் சேருமா என்பதை அதன் நிறம் சொல்லாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அந்தச் சிறு அளவு இரும்புதான் சொல்லும். புதிய மீன், குறுகிய ஊறலில் செய்த இளம் சிவப்பு ஒயின், சற்றே குளிர்ச்சி, தட்டின் ஓரத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டு ஆகிய நான்கும் கூடினால் பழைய விதியைத் தயங்காமல் மீறலாம்.